எருமைப்பாலும் பசுப்பாலும் கலந்து ஐந்து சதவீதக் கொழுப்பு எடுப்பது எப்படி?

மட்டக்களப்புப் படுவான்கரையில் எங்கள் வீட்டுக் கொட்டிலுக்குக் காலையில் இரண்டு வகைப் பால் வந்து சேரும். பட்டியிலிருந்து எருமைப்பால் கேனில் வரும். அக்கம்பக்கத்து வீடுகளில் கறக்கும் பசுப்பால் சின்னச் சின்னப் பாத்திரங்களில் வரும். இரண்டையும் கலந்து காய்ச்சி, உறை ஊற்றி, சட்டியில் தயிராக்கி விற்கிறோம். கலப்புப்பால் தயிர் என்று சொல்லித்தான் விற்பது. மட்டக்களப்பு எருமைத் தயிர் என்றால் முழுக்க எருமைப்பாலில் உறைந்ததுதான், அந்தப் பெயரை இதற்கு வைக்கக் கூடாது.

தயிருக்கு நாங்கள் வைத்திருக்கும் அளவு 5 சதவீதக் கொழுப்பு. அதற்குக் கீழே போனால் தயிர் இளகி, கரண்டி வைத்த குழியில் தண்ணீர் ஊறும். மேலே போனால் ஆடை தடித்துச் சாப்பிட நன்றாகத்தான் இருக்கும், ஆனால் விலை கூடிய எருமைப்பால் தேவைக்கு மேல் போய்விடும். அதைவிட, நேற்று வாங்கிய தயிரும் இன்று வாங்கும் தயிரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் வாங்குபவரின் எதிர்பார்ப்பு. பால் நாளுக்கு நாள் மாறும். தயிர் மாறக் கூடாது.

தொடக்கத்தில் என் மாமி "பாதிக்குப் பாதி ஊத்து மனே, சரியா வரும்" என்றுதான் சொல்லித் தந்தார். அன்று எருமைப்பாலில் 7.2 சதவீதமும் பசுப்பாலில் 3.7 சதவீதமும் கொழுப்பு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி என்றால் இரண்டையும் கூட்டி இரண்டால் பிரிக்க வேண்டும். 5.45 வரும். ஐந்து வராது. எருமைப்பாலைக் குறைக்க வேண்டும் என்பது தெரிகிறது. எவ்வளவு குறைப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு சின்னச் சதுரம் போதும். பாடப் புத்தகங்களில் பியர்சன் சதுரம் என்று இருக்கும், நாங்கள் குறுக்குச் சதுரம் என்போம்.

ஒரு தாளில் இடது பக்கம் மேலே கொழுப்பு கூடிய பாலின் எண்ணை எழுதுங்கள். அதற்கு நேர் கீழே கொழுப்பு குறைந்த பாலின் எண். நடுவில் நமக்கு வேண்டிய எண். இனிக் குறுக்காகப் போக வேண்டும். மேல் மூலையிலிருந்து நடு வழியாகக் கீழ் வலது மூலைக்குப் போய், இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே எழுதுங்கள்: 7.2 இலிருந்து 5.0 போக 2.2. அதேபோல் கீழ் மூலையிலிருந்து நடு வழியாக மேல் வலது மூலைக்கு: 5.0 இலிருந்து 3.7 போக 1.3.

```
7.2         1.3
      5.0
3.7         2.2
```

இப்போது குறுக்காகப் பார்க்காமல் நேராக வாசியுங்கள். மேல் வரிசையில் எருமைப்பால், அதற்கு எதிரே 1.3. கீழ் வரிசையில் பசுப்பால், அதற்கு எதிரே 2.2. எருமைப்பால் 1.3 பங்கு, பசுப்பால் 2.2 பங்கு என்பதுதான் விடை. இரண்டையும் கூட்டினால் 3.5 பங்கு.

அன்றைக்கு 70 கிலோ கலவை வேண்டும் என்றால் 70 ஐ 3.5 ஆல் பிரியுங்கள். ஒரு பங்கு 20 கிலோ. எருமைப்பால் 1.3 தடவை 20, அதாவது 26 கிலோ. பசுப்பால் 2.2 தடவை 20, அதாவது 44 கிலோ. இரண்டும் சேர்ந்து 70.

விடை சரிதானா என்று பார்க்கச் சதுரத்தை நம்ப வேண்டியதில்லை, கொழுப்பையே எண்ணிப் பார்க்கலாம். 26 கிலோ எருமைப்பாலில் 7.2 சதவீதம் என்றால் 1.872 கிலோ கொழுப்பு. 44 கிலோ பசுப்பாலில் 3.7 சதவீதம் என்றால் 1.628 கிலோ. கூட்டினால் 3.5 கிலோ. 70 கிலோவில் 5 சதவீதமும் 3.5 கிலோதான். இந்தச் சரிபார்ப்பை நான் ஒரு நாளும் விடுவதில்லை. ஒரு நிமிட வேலை, ஒரு அண்டா பாலைக் காப்பாற்றும்.

சரி, ஏன் குறுக்காகக் கழிக்க வேண்டும்? எருமைப்பாலின் வித்தியாசம் ஏன் பசுப்பாலின் பக்கத்தில் போய் விழுகிறது? இது விளங்காமல் மனப்பாடம் செய்தவர்கள்தான் பிறகு எண்களை மாற்றிப் போடுகிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

5 சதவீதம் என்றால் 1 கிலோ பாலில் 50 கிராம் கொழுப்பு. 7.2 சதவீத எருமைப்பாலில் கிலோவுக்கு 72 கிராம் இருக்கிறது. நமக்குத் தேவையான 50 போக, ஒவ்வொரு கிலோவும் 22 கிராமைக் கையில் மிச்சமாக வைத்திருக்கிறது. பசுப்பாலில் கிலோவுக்கு 37 கிராம்தான். ஒவ்வொரு கிலோவுக்கும் 13 கிராம் குறைகிறது. ஒன்று கொடுக்கிற பால், மற்றது வாங்குகிற பால். கொடுப்பதும் வாங்குவதும் கணக்குத் தீர வேண்டும், அவ்வளவுதான்.

எருமைப்பால் 13 கிலோ எடுத்தால் மிச்சம் 13 தடவை 22, அதாவது 286 கிராம். பசுப்பால் 22 கிலோ எடுத்தால் குறை 22 தடவை 13. அதுவும் 286 கிராம். கடன் தீர்ந்தது. ஒன்றின் மிச்சம் மற்றதன் எடையாகவும், மற்றதன் குறை இதன் எடையாகவும் மாறினால்தான் இரண்டு பெருக்கலும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். சதுரத்தில் கோடு குறுக்கே போவது இதற்காகத்தான்.

இதிலிருந்து கண்ணாலேயே பிடிக்கக்கூடிய ஒரு அடையாளமும் கிடைக்கிறது. வேண்டிய எண் எந்தப் பாலுக்குக் கிட்ட இருக்கிறதோ, அந்தப் பால்தான் கூடுதலாகப் போக வேண்டும். 5.0 என்பது 7.2 ஐ விட 3.7 க்குக் கிட்ட. ஆகவே பசுப்பால் கூடுதலாக இருக்க வேண்டும். ஒருவர் மாற்றிப் போட்டு எருமைப்பால் 44, பசுப்பால் 26 என்று ஊற்றினால் கலவை 5.9 இல் போய் நிற்கும். ஊற்றுவதற்கு முன் தாளை ஒரு தடவை பார்த்தாலே இந்தப் பிழை தெரிந்துவிடும்.

எங்களுக்கு மொத்தம் எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்து தொடங்கும் நாட்கள் குறைவு. பெரும்பாலும் எருமைப்பால் எவ்வளவு வந்ததோ அதிலிருந்துதான் கணக்கு. மழைக்காலத்தில் பாதையில் வெள்ளம் நின்றால் பட்டிப்பால் அரைவாசிதான் வந்து சேரும். இன்று 18 கிலோ எருமைப்பால்தான் இருக்கிறது என்று வைப்போம். பங்குகள் அதேதான், 1.3 க்கு 2.2. 18 ஐ 1.3 ஆல் பிரித்து 2.2 ஆல் பெருக்குங்கள். 30.46 வரும். ஏறக்குறைய முப்பதரைக் கிலோ பசுப்பால். அதற்கு மேல் இருக்கும் பசுப்பாலை இந்தக் கலவைக்குள் ஊற்றக் கூடாது, வேறு வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

கிலோவில் சொல்கிறேனே, லீற்றரில் அளந்தால் என்ன என்று கேட்பீர்கள். இரண்டும் பால் என்றால் அளக்கலாம். பால் எதுவானாலும் ஒரு லீற்றர் கிட்டத்தட்ட 1.03 கிலோ நிற்கும், அதனால் பங்கு பிசகாது. ஆனால் நுரையோடு அளந்தால் லீற்றர் ஏமாற்றும். கேனிலிருந்து உயர்த்தி ஊற்றியவுடனே அளவுப் பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நிற்கும், அதில் பால் மிகக் குறைவு. பாலிலிருந்து பிரித்த கிறீம் சேர்ப்பவர்கள் கட்டாயம் தராசில் நிறுக்க வேண்டும். கொழுப்பு பாரம் குறைந்தது, ஆகவே ஒரு லீற்றர் கிறீம் ஒரு லீற்றர் பாலின் எடைக்கு வராது.

இனி, சதுரம் கைவிடும் இடம். வேண்டிய எண் இரண்டு பாலின் எண்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும். 7.2 உம் 3.7 உம் கலந்து 8 எடுக்க முடியாது, 3 உம் எடுக்க முடியாது. சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். ஆனால் சதுரம் போடும்போது "பெரியதிலிருந்து சின்னதைக் கழி" என்று மட்டும் பழகியிருந்தால் சதுரம் சத்தமில்லாமல் ஒரு விடையைத் தந்துவிடும். வேண்டியது 8 என்று போட்டுப் பாருங்கள். 8 இலிருந்து 3.7 போக 4.3, 8 இலிருந்து 7.2 போக 0.8. எருமைப்பால் 4.3 பங்கு, பசுப்பால் 0.8 பங்கு என்று அழகாக வந்து நிற்கும். அப்படியே கலந்தால் கிடைப்பது ஏறக்குறைய 6.65. எட்டுக்குக் கிட்டவும் போகாது. 7.2 க்கு மேல் வேண்டுமென்றால் அதைவிடக் கொழுப்புக் கூடிய ஒன்று, அதாவது கிறீம், கொட்டிலுக்குள் வர வேண்டும். மூன்று வேண்டுமென்றால் கொழுப்பு எடுத்த பால் வர வேண்டும். தாளில் எண்களை எழுதியவுடனே நடு எண் நடுவில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

இவ்வளவும் தாளில் நடப்பது. எனக்குப் பிசகியது தாளில் அல்ல, கேனில்.

அன்று எருமைப்பால் நேரத்தோடு வந்துவிட்டது. பசுப்பால் வந்து சேரச் சுணங்கியது. கேனை நிழலில் இரண்டு மணித்தியாலம் வைத்திருந்தேன். பிறகு மூடியைத் திறந்து, மேலாக ஒரு அகப்பை கோலி, போத்தலில் நிரப்பிக் கொழுப்புப் பார்க்கக் கொடுத்துவிட்டேன். சீட்டில் 7.2 என்று வந்தது. பசுப்பால் 3.7. மேலே போட்ட அதே கணக்கைப் போட்டு 26 உம் 44 உம் ஊற்றி 70 கிலோ கலவை எடுத்தேன். காய்ச்சுவதற்கு முன் கலவையிலும் ஒரு போத்தல் எடுத்துப் பார்க்கக் கொடுத்தேன், அந்தப் பழக்கம் அப்போதே இருந்தது. 4.7 என்று வந்தது.

கணக்கை மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன். கணக்கில் பிழை இல்லை. பிறகுதான் கேனில் மிச்சமிருந்த எருமைப்பால் நினைவுக்கு வந்தது. அதை நன்றாகக் கலக்கித் திரும்பவும் பார்த்தால் 6.5. நான் முதலில் கோலியது பாலை அல்ல, மேலே மிதந்து வந்த கொழுப்பை. பாலை அசையாமல் வைத்தால் கொழுப்புத் துளிகள் மேலே ஏறும். கேனைத் திறந்தபோது மேற்பரப்பு கொஞ்சம் தடித்து, அகப்பை விட்ட வழியில் மடிப்பு விழுந்ததைக் கண்டேன். அதுதான் அடையாளம். கண்டும் விளங்கவில்லை.

ஏற்கெனவே கலந்துவிட்ட பாலைத் திருத்தவும் அதே சதுரம்தான். இப்போது நம்மிடம் இருப்பது இரண்டு பால்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 6.5 உள்ள எருமைப்பால், மற்றது 4.7 உள்ள 70 கிலோ கலவை. வேண்டியது 5.0.

```
6.5         0.3
      5.0
4.7         1.5
```

எருமைப்பால் 0.3 பங்கு, கலவை 1.5 பங்கு. கலவை 70 கிலோ என்பது முடிவாகிவிட்டது. 70 ஐ 1.5 ஆல் பிரித்து 0.3 ஆல் பெருக்கினால் சரியாக 14 கிலோ. நல்லகாலம், கேனில் அவ்வளவு இருந்தது. ஊற்றிக் கலக்கி 84 கிலோவாக்கித் திரும்பப் பார்த்தபோது 5.0 வந்தது. ஆனால் கொட்டிலில் அன்று சட்டிகள் போதவில்லை, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. முதலிலேயே கேனைக் கலக்கியிருந்தால் 6.5 க்கு 3.7 என்று சதுரம் போட்டு, 32.5 கிலோ எருமைப்பாலும் 37.5 கிலோ பசுப்பாலும் ஊற்றி 70 கிலோவோடு முடித்திருக்கலாம்.

இப்போது நான் செய்வது இதுதான். மாதிரி எடுப்பதற்கு முன் பாலை ஒரு கேனிலிருந்து இன்னொரு கேனுக்கு மூன்று நான்கு தடவை மாற்றி ஊற்றுவேன். உயரத்திலிருந்து அடித்து ஊற்றுவதில்லை, விளிம்போடு சரித்து விடுவேன். இளஞ்சூடான பாலை அடித்துக் கலக்கினால் சின்னச் சின்ன வெண்ணெய் மணிகள் திரண்டுவிடும், அப்புறம் எந்தக் கலக்கலுக்கும் கரையாது. பிறகு அகப்பையை நடுப்பகுதிவரை இறக்கி எடுப்பேன். ஒவ்வொரு கேனுக்கும் தனித்தனியாக. நேற்றைய சீட்டை வைத்து இன்றைக்குச் சதுரம் போடுவதில்லை. கன்று முன்னால் குடித்ததா பின்னால் குடித்ததா என்பதே கொழுப்பை மாற்றிவிடும், ஏனென்றால் கறவையின் கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம்.

சீட்டில் வரும் எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருப்பதும் நல்லது. கழுத்து ஒடுங்கி அளவுக் கோடுகள் போட்ட ஒரு கண்ணாடிக் குழாயில் சல்பூரிக் அமிலம் 10 மில்லிலீற்றர் விட்டு, அதன்மேல் ஏறக்குறைய 11 மில்லிலீற்றர் பாலும் 1 மில்லிலீற்றர் அமைல் அல்கஹோலும் சேர்த்து அடைத்துக் குலுக்குவார்கள். அமிலம் பாலின் மற்றத் திண்மங்களைக் கரைத்துக் கபில நிறமாகிவிடும், குழாய் கையில் பிடிக்க முடியாத சூடாகும். இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி, 65 பாகை வெந்நீரில் நிறுத்தினால் கொழுப்பு மட்டும் தெளிந்த மஞ்சள் கம்பம்போல ஒடுங்கிய கழுத்தில் ஏறி நிற்கும். அந்தக் கம்பத்தின் நீளம்தான் நம் 7.2 உம் 3.7 உம். கோடுகள் 0.1 இடைவெளியில்தான் இருக்கும். ஆகவே கணக்கில் 30.46 கிலோ வந்தாலும் முப்பதரை என்று ஊற்றுவதில் ஒரு குற்றமும் இல்லை. குழாயே அவ்வளவு நுணுக்கமாகச் சொல்வதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று 6.5 என்று கண்டவுடனே எனக்கு முதலில் பட்டிக்கார அண்ணன்மேல்தான் சந்தேகம் வந்தது. சந்தேகத்துக்குக் கணக்கில் இடமும் இருந்தது. 7.2 உள்ள எருமைப்பால் 9 கிலோவில் 1 கிலோ தண்ணீர் விட்டால் கொழுப்பு 6.48, சீட்டில் 6.5 என்றுதான் வரும். சதுரத்துக்கு இந்த 6.5 உம் சுத்தமான பாலின் 6.5 உம் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே பங்கைத்தான் தரும், இரண்டு கலவையும் 5.0 என்றே வரும். ஆனால் தயிர் ஒன்றாக வராது. எருமைப்பாலில் கொழுப்பு போக மற்றத் திண்மம் 9.2 சதவீதம் இருந்தால், அந்தத் தண்ணீரோடு அது 8.3 க்கு இறங்கிவிடும். சட்டியில் தயிரைக் கட்டியாக நிறுத்துவது பெரும்பாலும் அந்தத் திண்மத்திலுள்ள புரதம். கொழுப்பு சரியாக இருந்தும் தயிர் இளகி நீர் விட்டால் நான் சதுரத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை, பாலின் அடர்த்தியைக் காட்டும் லக்டோமீற்றரை எடுக்கிறேன்.

அதை உயரமான பாத்திரத்தில், நுரை அடங்கிய பாலில், கருவியில் குறித்திருக்கும் வெப்பநிலைக்குக் கிட்ட வைத்து மிதக்க விட வேண்டும். அன்றைய எருமைப்பாலில் அது 31 இல் நின்றது. பத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்திருந்தால் இன்னும் மூன்று கோடு அளவுக்குக் கீழே இறங்கி 28 க்குக் கிட்டப் போயிருக்கும். பட்டிப்பாலில் தண்ணீர் இல்லை. பின்னேரம் கேன் எடுக்க வந்த அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "நம்மட பாலுக்குள்ள ஆடை ஏறுறது உனக்குத் தெரியாதா தம்பி" என்று கேட்டுவிட்டு, அடுத்த நாளிலிருந்து கேனை இறக்கும்போதே தன் கையால் கலக்கித் தந்துவிட்டுத்தான் போகிறார்.